சாலையோரத்தில் எடுத்த வண்டி இன்சூரன்ஸ் உண்மையானதா? நெல்லை வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலி, வள்ளியூர், தென்காசி என்று எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போனாலும், எஃப்.சி. காட்ட வண்டிகள் வரிசை கட்டும் சாலையில் ஒரு குடையும் மேசையும் லேப்டாப்பும் இருக்கும். "இன்சூரன்ஸ் உடனே கிடைக்கும்" என்று ஒரு பலகையும் இருக்கும். அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. முறையாகப் பயிற்சி எடுத்து, உரிமத்தோடு நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் அதே குடை நிழலில் போலி பாலிசியும் விற்கிறது. வாங்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்புக்கு ஒரு பி.டி.எஃப். வந்துவிடும். நிறுவனத்தின் சின்னம், பாலிசி நம்பர், கியூஆர் கோடு எல்லாம் அதில் இருக்கும்.

முதல்முறை சொந்தமாக வண்டி வாங்கியவர்களுக்காக, முக்கியமாகக் குட்டி யானை, லோடு ஆட்டோ மாதிரி வாடகைக்கு ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போலி விற்கிறவர்கள் குறிவைப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். காரணம் விலையில் இருக்கிறது. அதனால் விலையிலிருந்தே தொடங்குகிறேன்.

பணம் கொடுக்கும் முன்: கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி இன்சூரன்ஸில் இரண்டு பகுதி உண்டு. உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்கு உயிர்ச்சேதமோ காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் இழப்பீடு தருவது தேர்டு பார்ட்டி. இது இல்லாமல் வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு. உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பகுதி வேறு. அது உங்கள் விருப்பம். இரண்டும் சேர்ந்ததைத்தான் நம் ஊரில் ஃபுல் இன்சூரன்ஸ் என்கிறோம்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், தேர்டு பார்ட்டி கட்டணத்தை நிறுவனங்கள் முடிவு செய்வதில்லை என்பது. மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அரசு நிறுவனத்தில் எடுத்தாலும் தனியாரில் எடுத்தாலும், ஆன்லைனில் எடுத்தாலும் குடைக்குக் கீழே எடுத்தாலும் அடிப்படைக் கட்டணம் ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி, 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகைச் சரக்கு வண்டிக்கு, அதாவது நம் குட்டி யானைக்கு, 16,049 ரூபாய். மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கு 4,492 ரூபாய். இதன்மேல் ஜி.எஸ்.டி. தனி. மின்சார வண்டிகளுக்குக் கட்டணம் வேறு. அரசு புதிய அறிவிப்பு வெளியிட்டால் இந்தத் தொகைகள் மாறும். அதனால் எடுக்கிற அன்றைக்கு ஏதாவது ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் வண்டி விவரத்தைப் போட்டு, அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கத் தேவையில்லை, தொகையைப் பார்த்தால் போதும்.

இப்போது பைக்கின் 714-ஐயும் குட்டி யானையின் 16,049-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த இடைவெளியில்தான் மோசடி நடக்கிறது. எப்படி என்பதைக் கீழே ஒரு வண்டியை வைத்தே விளக்குகிறேன்.

"கம்பெனியில போனா பதினேழாயிரம் ஆகும் அண்ணாச்சி, நம்மகிட்ட ஏழாயிரத்துக்கு முடிச்சுத் தாரேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். தேர்டு பார்ட்டியில் அப்படி ஒரு தள்ளுபடி கிடையாது. முந்தைய வருடம் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான போனஸ் தள்ளுபடிகூட உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான் கழியும், தேர்டு பார்ட்டியில் கழியாது. "என் கமிஷன்ல இருந்து விட்டுத் தாரேன்" என்றாலும் நம்ப வேண்டாம். ஏஜென்ட் தன் கமிஷனை வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுப்பதை இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவு தடை செய்கிறது. தவிர, பாதி விலைக்கு மேல் விட்டுக்கொடுக்கிற அளவுக்கு எந்த ஏஜென்டுக்கும் இதில் கமிஷன் வருவதில்லை.

விலை சரியாக இருந்தாலும் பாலிசி சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போலி கொடுப்பவரும் உண்டு. ஆனால் விலை குறைவாக இருந்தால் பாலிசி சரியாக இருக்க வழியே இல்லை.

பணம் கொடுக்கும்போது

பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். நிறுவனத்திலிருந்து உங்கள் மொபைலுக்கு ஒரு பேமென்ட் லிங்க் வரச் செய்து அதில் கட்டுவது நல்லது. ஜிபே, போன்பே எதில் கட்டினாலும் பணம் பெறுபவர் பெயராக இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். ஏஜென்டின் பெயரோ, "டிராவல்ஸ்", "கன்சல்டிங்" என்று ஏதாவது கடையின் பெயரோ வந்தால் நிறுத்திவிட்டு லிங்க் கேளுங்கள். உண்மையான ஏஜென்டுக்கு அதை அனுப்ப இரண்டு நிமிடம் போதும்.

நம் பக்கத்தில் ரொக்கமாகக் கொடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. உரிமம் உள்ள ஏஜென்ட் ரொக்கம் வாங்கினால், விடுமுறை நாள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதை நிறுவனத்தில் செலுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேராமல் பாதுகாப்பு தொடங்காது என்பதும் இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவில் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு விபத்து நடந்தால் நீங்கள்தான் வழக்கோடு அலைய வேண்டும். ரொக்கம்தான் என்றால் நேராக நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து புது பாலிசி எதுவாக இருந்தாலும் கேஒய்சி கட்டாயம். ஆதாரோ பான் கார்டோ கேட்காமல், ஆர்.சி.யை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பாலிசி தருகிறார் என்றால், அதில் உங்களைப் பற்றி என்ன எழுதிப் பதிவு செய்தார் என்று சந்தேகப்பட வேண்டும்.

பாலிசியில் பதிவாகும் மொபைல் நம்பர் உங்களுடையதுதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். போலி தருகிறவர் தன் நம்பரையோ யாரோ ஒருவரின் நம்பரையோ போடுவார். அப்போது நிறுவனம் அனுப்பும் எஸ்எம்எஸ் எதுவும் உங்களுக்கு வராது. பணம் கட்டிய அன்று நிறுவனத்திடமிருந்து நேராக உங்கள் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வந்திருக்க வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். மட்டும் இருந்தால், இன்னும் உங்கள் கையில் எதுவும் வரவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

காகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எழுத்து வடிவம் ஓரிடத்தில் மட்டும் மாறியிருப்பது, சேஸ் நம்பர் ஆர்.சி.யில் உள்ளதோடு ஒத்துப்போகாதது, கூட்டல் தப்பாக இருப்பது எல்லாம் கவனித்தால் தெரியும். பாலிசியில் யுஐஎன் என்று ஒரு எண் இருக்கும். IRDAN என்று தொடங்கி, அடுத்து அந்த நிறுவனத்தின் பதிவு எண் வரும். நியூ இந்தியாவுக்கு 190, யுனைடெட் இந்தியாவுக்கு 545, ஓரியண்டலுக்கு 556. ஒரு நிறுவனத்தின் பெயரும் இன்னொரு நிறுவனத்தின் எண்ணும் இருந்தால் அது வெட்டி ஒட்டிய வேலை.

ஆனால் இதை நம்பி நின்றுவிடக் கூடாது. இன்றைக்கு வருகிற போலிகள் பெரும்பாலும் ஓர் உண்மையான பி.டி.எஃப்.பை எடுத்துப் பெயர், தேதி, வண்டி விவரம் மட்டும் மாற்றியவை. யுஐஎன், முத்திரை, கையெழுத்து எல்லாம் அசலில் இருந்தபடியே இருக்கும். ஒரு பாலிசி உண்மையா என்பதற்கு ஆதாரம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும் பதிவு. அதை நீங்களே நேரடியாகப் பார்க்க வேண்டும்.

ஆன்லைனில் சரிபார்ப்பது: முதலில் வாகன் பதிவு

வாகன் என்பது வண்டிகளின் விவரங்களை அரசு வைத்திருக்கும் ஆன்லைன் பதிவு. அதைப் பார்க்க parivahan.gov.in தளத்தைத் திறந்து, Informational Services என்ற பகுதியில் Know Your Vehicle Details என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொபைல் நம்பர் கொடுத்து ஓடிபி மூலம் உள்ளே போனதும் வண்டி நம்பரையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும் இட்டுத் தேடலாம். வண்டியின் வகுப்பு, பதிவு செய்த அலுவலகம் இவற்றோடு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்பதும் தெரியும். mParivahan செயலியிலும் இதே விவரம் கிடைக்கும்.

இங்கே மூன்று விதமான முடிவு வரலாம். பழைய பாலிசியின் தேதியே இன்னும் காட்டினால் உடனே பதற வேண்டாம். நிறுவனம் புது விவரத்தை அனுப்பி அது பதிவில் ஏற ஓரிரு நாள் பிடிக்கலாம். ஒரு வாரம் கழித்தும் மாறவில்லை என்றால் நிறுவனத்தைக் கேட்டே ஆக வேண்டும். தேதி புதிது, ஆனால் நிறுவனத்தின் பெயர் உங்கள் காகிதத்தில் உள்ளது இல்லை என்றால், அப்போதே சந்தேகப்படலாம்.

மூன்றாவது, தேதியும் நிறுவனமும் சரியாக இருப்பது. பெரும்பாலோர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். இங்கேதான் நான் இன்னொரு படி போகச் சொல்கிறேன். வாகன் திரையில் தெரியும் "சரக்கு வண்டி" என்ற வகுப்பு உங்கள் ஆர்.சி.யிலிருந்து வருவது. பாலிசி எந்த வகுப்புக்கு எடுக்கப்பட்டது என்பது அந்தத் திரையில் இருக்காது.

அடுத்து நிறுவனத்தின் தளம்: இதுதான் முக்கியமான படி

களக்காடு பக்கம் வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு ஓடும் ஒரு குட்டி யானையை எடுத்துக்கொள்வோம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எஃப்.சி.க்குப் போன இடத்தில் இன்சூரன்ஸ் முடிந்திருப்பது தெரிகிறது. பக்கத்துக் குடையில் ஏழாயிரம் ரூபாய்க்குத் தேர்டு பார்ட்டி போட்டுத் தருகிறார்கள். பி.டி.எஃப். வருகிறது. அதில் நிறுவனத்தின் பெயர் உண்மையானது. பாலிசி நம்பரும் உண்மையானது. வகுப்பு "சரக்கு வண்டி" என்று இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் 16,049, அதன்மேல் வரி என்று கணக்கும் சரியாகப் போட்டிருக்கிறது. வாகன் பதிவில் பார்த்தால் அடுத்த வருடம் வரை தேதி ஏறியிருக்கிறது. எஃப்.சி.யும் முடிந்துவிட்டது. உரிமையாளருக்கு எல்லாம் சரியாக முடிந்த மாதிரியே தெரிகிறது.

காகிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. அவர் கொடுத்தது ஏழாயிரம், காகிதம் சொல்வது பதினாறாயிரத்துக்கும் மேல். மீதியை யார் கட்டினார்கள்? யாரும் கட்டவில்லை. காகிதத்தில் இருக்கும் தொகையும் உங்கள் கையிலிருந்து போன தொகையும் ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு கட்டாயம் பார்க்க வேண்டும்.

அவர் செய்ய வேண்டியது நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போவது. கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தக் கூடாது, முகவரியைத் தானே தட்டச்சு செய்ய வேண்டும். நியூ இந்தியாவுக்கு newindia.co.in, யுனைடெட் இந்தியாவுக்கு uiic.co.in, நேஷனலுக்கு nationalinsurance.nic.co.in, ஓரியண்டலுக்கு orientalinsurance.org.in. தனியார் நிறுவனம் என்றால், அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்பதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் irdai.gov.in தளத்தில் உள்ள நிறுவனங்களின் பட்டியலில் பாருங்கள். பிரபலமான பெயரைப் போலவே ஒலிக்கும் இல்லாத நிறுவனத்தின் பெயரில் பாலிசி விற்றவர்களும் உண்டு.

தளத்தில் பாலிசியைச் சரிபார்க்கும் இடம், பாலிசி நகலை இறக்கிக்கொள்ளும் இடம் என்று இரண்டும் பெரும்பாலும் இருக்கும். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். Verify Policy, Download Policy என்பதுபோல் இருப்பதைத் தேடுங்கள். பாலிசி நம்பரும் வண்டி நம்பரும் கொடுத்து நகலை நீங்களே இறக்குங்கள். ஓடிபி கேட்டு, அது உங்கள் போனுக்கு வராவிட்டால், வேறு யாருடைய நம்பரோ பதிவாகியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நம் குட்டி யானைக்காரர் இறக்கிய நகலில் வண்டி நம்பர் அவருடையதுதான். தேதியும் அதேதான். ஆனால் வகுப்பு இருசக்கர வாகனம். 110 சிசி. பிரீமியம் 714, வரி 18 சதவீதம், ஆக மொத்தம் 843 ரூபாய். ஏஜென்ட் அவருடைய வண்டி நம்பரைப் போட்டு ஒரு பைக் பாலிசி எடுத்திருக்கிறார். பிறகு அந்தப் பி.டி.எஃப்.பில் வகுப்பையும் தொகையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏழாயிரத்தில் 843 போக 6,157 ரூபாய் அவர் பையில். நிறுவனம் வண்டி நம்பரையும் தேதியையும் அனுப்பியதால் வாகன் பதிவிலும் தேதி ஏறிவிட்டது.

முழுப் போலியைவிட இது ஆபத்தானது. முழுப் போலியாக இருந்தால் வாகன் பதிவே காட்டிக்கொடுத்துவிடும். இது எந்தச் சோதனையிலும் மாட்டாமல் வருடம் முழுக்க ஓடும், விபத்து நடக்கும் வரை. அப்போது நிறுவனத்தின் வழக்கறிஞர் தீர்ப்பாயத்தில் அசல் பாலிசியைக் காட்டுவார். பொய்யான தகவல் கொடுத்து எடுத்த பாலிசி செல்லாது என்று வாதிட மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு அவர்களுக்கு இடம் தருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிறுவனமே முதலில் கொடுக்கட்டும் என்று தீர்ப்பு வந்தாலும், அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்தே சொல்லக்கூடும். விபத்து இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். வீட்டையோ நிலத்தையோ வைத்துக் கட்டுகிற நிலை வரும்.

கியூஆர் கோடு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாலிசியில் உள்ள கோடை ஸ்கேன் செய்தால் சில நிறுவனங்களில் பாலிசி விவரம் வரும், சிலவற்றில் நிறுவனத்தின் பக்கம் திறக்கும். திறக்கும் பக்கத்தின் முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரியா என்று பாருங்கள். பெயரில் ஒரு எழுத்தோ ஒரு ஹைஃபனோ கூடுதலாக இருந்தால் அது வேறு யாரோ செய்த பக்கம். முகவரி சரியாக இருந்தால், வரும் விவரத்தைக் காகிதத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். மேலே சொன்ன மோசடியில் சில நேரம் கோடை மாற்ற மறந்துவிடுவார்கள். அப்போது ஸ்கேன் செய்த நிமிடமே "இருசக்கர வாகனம்" என்று வந்துவிடும்.

டிஜிலாக்கர் வைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். நிறுவனம் அதில் இணைந்திருந்தால், அதன் பெயரைத் தேடி பாலிசி நம்பர் கொடுத்து நேரடியாக வரவழைக்கலாம். அப்படி நிறுவனத்திடமிருந்து வந்த ஆவணத்தை யாரும் இடையில் மாற்ற முடியாது, போலீஸ் சோதனையிலும் அதைக் காட்டலாம். நீங்களே ஏற்றி வைத்த பி.டி.எஃப்.புக்கு இந்த மதிப்பு கிடையாது.

ஆன்லைன் கைவராதவர்கள் என்ன செய்வது

பாலிசியை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் கிளைக்கே போங்கள். நெல்லையில் அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் கிளை உண்டு. போன் செய்வதானால் காகிதத்தில் அச்சிட்டிருக்கும் நம்பருக்குச் செய்ய வேண்டாம். போலிக் காகிதத்தில் போலி நம்பர்தான் இருக்கும், அதை எடுப்பவரும் "ஆமா சார், பாலிசி ஆக்டிவ்தான்" என்பார். நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள நம்பரை மகனையோ மகளையோ எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேட்கிற கேள்வியும் முக்கியம். "இந்த பாலிசி உண்மையா?" என்று கேட்டால், மேலே பார்த்த குட்டி யானைக்கும் "ஆமாம், நடப்பில் இருக்கிறது" என்றே பதில் வரும். அது தப்பான பதிலும் இல்லை. அதனால் இப்படிக் கேளுங்கள்: "அம்மா, இந்த பாலிசி நம்பர்ல உங்க கம்ப்யூட்டர்ல என்ன வண்டின்னு இருக்கு? எவ்வளவு பிரீமியம் வந்திருக்கு? யார் பேர்ல, எந்த போன் நம்பர்ல இருக்கு?" அவர்கள் வாசிப்பதை உங்கள் காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். முடிந்தால் கிளையிலேயே ஒரு நகல் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஃபைனான்ஸில் உள்ள வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். அவர்களும் நீங்கள் கொடுக்கும் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு முடித்துக்கொள்ளலாம்.

போலி என்று தெரிந்துவிட்டால்

முதலில் வண்டியை நிறுத்துங்கள். அடுத்த லோடு போய்விட்டு வந்து பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம், இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் சொந்தப் பொறுப்பு. பிடிபட்டால் முதல்முறை 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றைக்கே நிறுவனத்தில் நேரடியாகப் புது பாலிசி எடுங்கள். அதில் தொடங்கும் தேதியை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் பாருங்கள். பணம் கட்டிய நாள் நள்ளிரவிலிருந்தோ அதற்குப் பிறகோ தொடங்கும் பாலிசிகள் உண்டு. தொடங்கும் வரை வண்டி நிற்கட்டும். பைக் வகுப்பில் எடுத்த பாலிசி அதே நம்பரில் பதிவாகி இருந்தால், அதையும் கிளையில் எழுத்து மூலம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே வண்டி நம்பருக்கு இரண்டு பதிவு இருந்து பின்னால் குழப்பம் வரும்.

இரண்டாவது, ஏஜென்டிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பி.டி.எஃப்., பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய நகல் ஆகியவை வேண்டும். "காகிதத்தைக் கொடுங்க, மாத்தித் தாரேன்" என்று கேட்டால் அசலைக் கொடுக்க வேண்டாம். பல பேர் அங்கேதான் கையில் இருந்த ஒரே ஆதாரத்தை இழக்கிறார்கள்.

பிறகு போலீஸ் புகார். மாநகர எல்லைக்குள் என்றால் மாநகரக் காவல் நிலையம், வெளியே என்றால் அந்தப் பகுதி காவல் நிலையம். புகாரில் கோபத்தைவிட விவரம் அதிகம் இருக்கட்டும். எந்த நாள், எந்த இடம், யார், எவ்வளவு பணம், எந்தக் கணக்குக்குப் போனது, காகிதம் என்ன சொல்கிறது, நிறுவனத்தின் பதிவு என்ன சொல்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். இது ஏமாற்றுதலும் போலி ஆவணம் தயாரித்தலும் சேர்ந்த குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 336 பிரிவுகளில் வரும். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் புகார் கொடுத்ததற்கே ஆதாரம் இருக்காது. யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை முடக்க வாய்ப்பு உண்டு, நேரம் போகப் போக அது குறையும்.

நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் பெயரில் யார் பாலிசி எடுத்தார்கள், எந்த ஏஜென்ட் கணக்கிலிருந்து அது போனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ மேல்முறையிடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆணையத்தால் நிறுவனங்களையும் உரிமம் உள்ள ஏஜென்டுகளையும்தான் கேள்வி கேட்க முடியும். உரிமமே இல்லாமல் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரைப் பிடிப்பது போலீஸ் வேலை.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

நம் பக்கத்தில் குட்டி யானைகள் கைமாறிக்கொண்டே இருக்கும். விற்பவர் "இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் கிடக்கு" என்று சொல்லி அதற்கும் சேர்த்து விலை பேசுவார். அந்த எட்டு மாதம் உண்மையா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள். விற்பவரையே பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய போனுக்கு வரும் ஓடிபியை வைத்து நிறுவனத்தின் தளத்திலிருந்து நகலை இறக்குங்கள். வகுப்பு, சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பிரீமியம் நான்கையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். அவரே தெரியாமல் ஏமாந்திருக்கலாம், அப்படியானால் அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

பாலிசி சரியாக இருந்தால், வண்டி கைமாறிய 14 நாளுக்குள் அதை உங்கள் பெயருக்கு மாற்ற நிறுவனத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம், ஆர்.சி. பெயர் மாற்ற விண்ணப்பத்தின் நகல், பழைய பாலிசி, உங்கள் கேஒய்சி ஆவணம் ஆகியவற்றை எடுத்துப் போனால் கிளையிலேயே முடியும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்து ஓட்டுவதாக இருந்தால், அதே நாளில் டிரைவருக்கான சட்டப் பொறுப்பும் பாலிசியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐஎம்டி 28 என்ற எண்ணில் அது இருக்கும், ஆளுக்கு ஐம்பது ரூபாய்தான். இல்லாவிட்டால் அங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.